மஞ்சள் கொண்டையும் பிளந்த காயும்

ஐப்பசி பிறந்தால் பாக்குத் தோப்புக்காரர்களின் கைபேசிகளில் ஒரே மாதிரியான படங்கள் பரிமாறப்படும். மரத்தடியில் நின்று அண்ணாந்து எடுத்த படம். பின்னால் வெளுத்த வானம், நடுவில் ஒரு கொண்டை, அதில் மூன்று நான்கு ஓலைகள் மஞ்சள். கூடவே ஒரு வரி: "அண்ணே, இது மஞ்சள் இலை நோய்தானா?"

அந்த ஒரு படத்தை வைத்து 'ஆமாம்' என்று சொல்பவரையும் நம்பக்கூடாது, 'இல்லை' என்று சொல்பவரையும் நம்பக்கூடாது. பாக்கு மரம் எந்தத் துன்பத்தையும் முதலில் மஞ்சளாகத்தான் காட்டும். வேர் அழுகினாலும் சத்துக் குறைந்தாலும் புழு கடித்தாலும் அடித்தண்டில் பூசணம் ஏறினாலும் அடி ஓலைதான் நிறம் மாறும். ஆனால் கொண்டையை ஒழுங்காக ஒரு படமும், அதே மரத்துக் காயைப் பிளந்து இன்னொரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காரணங்களின் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எல்லோரும் அஞ்சுகிற அந்த நோயைப் பார்ப்போம். மஞ்சள் இலை நோய் கேரளத்தில் 1914ஆம் ஆண்டிலேயே கவனிக்கப்பட்டது. மூவாற்றுப்புழை, மீனச்சில், சாலக்குடி வட்டாரங்கள் அதன் பழைய இருப்பிடங்கள். பிறகு கர்நாடகத்தில் சுள்ளியா வட்டத்துச் சம்பாஜே, சிக்கமகளூரு மாவட்டத்துச் சிருங்கேரி, கொப்பா என மலையடிவாரத் தோட்டங்களை அது உலுக்கியது. தலைமுறைகளாகக் கமுகையே நம்பியிருந்த குடும்பங்கள் ரப்பருக்கும் வேறு பயிர்களுக்கும் மாற நேர்ந்தது. பல ஆண்டுகள் இதைச் சத்துக்குறை என்றும் வேர்ப்பூசணம் என்றும் மண் கோளாறு என்றும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் மரத்தின் உணவுக் குழாய்களுக்குள் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் குடியிருப்பது தெரிந்தது. செல்சுவர் இல்லாத, பாக்டீரியா வகையைச் சேர்ந்த உயிர் அது. ஓலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கும் காய்க்கும் இறங்கும் பாதையில்தான் அது வாழ்கிறது. சாறு உறிஞ்சும் ஒரு சிறு தத்துப்பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது. புரோட்டிஸ்டா மோயெஸ்டா என்பது அந்தப் பூச்சியின் அறிவியல் பெயர். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகளை வாட்டும் கேரள வேர் வாடல் நோயும் பைட்டோபிளாஸ்மாவால் வருவதே.

உணவுப் பாதை பழுதானால் என்ன ஆகும் என்று யோசித்தால், நோயின் மற்ற அடையாளங்கள் தாமாகவே விளங்கும். வேர் நுனிக்குச் சாப்பாடு போகாது, அது கறுத்து அழுகும். புதிதாக வரும் ஓலை சிறுக்கும். காய்க்குள் பருப்பு திரளாமல் கெடும். ஆகவே இது வெறும் ஓலையின் நோயன்று. ஓலை, வேர், காய் மூன்றிலும் ஒரே சமயத்தில் தடம் பதிக்கும் நோய். படம் பார்ப்பவர் தேட வேண்டியது அந்தக் கூட்டுச் சாட்சியைத்தான்.

கொண்டையிலிருந்து தொடங்குவோம். நல்ல பாக்கு மரத்தில் ஏறக்குறைய எட்டிலிருந்து பன்னிரண்டு ஓலைகள் இருக்கும். ஆண்டுக்கு ஆறேழு புதிய ஓலைகள் விடும், அதாவது இரண்டு மாதத்துக்கு ஒன்று. அந்தக் கணக்குப்படி அடி ஓலைக்கும் குருத்துக்கும் ஒன்றரை ஆண்டு வயது வித்தியாசம் இருக்கும். ஒரு கொண்டைப் படம் என்பது அந்த மரத்தின் ஒன்றரை ஆண்டுக் குறிப்பேடு. கீழே நீளமான ஓலைகள், மேலே போகப் போகக் குட்டையான ஓலைகள், எல்லாம் நெருக்கமாக ஒரே இடத்திலிருந்து கிளம்புவது போன்ற தோற்றம், மேல்தண்டும் கூம்பிச் சிறுத்திருக்கிறது என்றால் மரம் சில காலமாகவே தளர்ந்து வருகிறது என்று பொருள். மஞ்சள் இலை நோய் முற்றிய மரத்தின் கொண்டை இப்படித்தான் இருக்கும். மாறாக, அடியில் மூன்று ஓலை மஞ்சளாக இருந்தாலும் மேலே உள்ளவை முழு நீளத்தில் விரிந்து, குருத்து நேராக நிமிர்ந்து நிற்கிறது என்றால் துன்பம் அண்மையில் வந்தது, அல்லது அது வேறு வகை. அடியில் ஒரே ஒரு ஓலை பழுத்துத் தொங்குவது நோயே இல்லை. வயதாகி விழப்போகும் ஓலை அது. அது விழுந்த பிறகுதான் அதன் கக்கத்தில் இருந்த பாளை வெடித்து விரியும்.

தண்டின் மேல்பகுதியும் படத்தில் விழட்டும். ஒவ்வொரு ஓலை விழுந்த இடத்திலும் ஒரு வளையம் இருக்கும். வளையங்கள் திடீரென நெருங்கினால் அந்தக் காலத்தில் வளர்ச்சி சுருங்கியிருக்கிறது. வயதான மரத்தில் வளையங்கள் இயல்பாகவே நெருங்கும் என்பதால், இதைப் பக்கத்திலுள்ள அதே வயது மரத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து ஓலை. மஞ்சள் இலை நோயில் கொண்டையின் அடியில் இருக்கும் இரண்டு மூன்று ஓலைகளில், கீற்றுகளின் நுனியில் மஞ்சள் தொடங்கி உள்நோக்கி இறங்கும். ஈர்க்கை ஒட்டி ஒரு பச்சைப் பட்டை மட்டும் மிஞ்சும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே எல்லை கோடு கிழித்தது போலத் தெளிவாக இருக்கும். பிறகு நுனிகள் காய்ந்து பழுப்பாகும். படிப்படியாக மேல் ஓலைகளுக்கும் அது ஏறும். ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், மக்னீசியம் குறைந்த மரமும் கிட்டத்தட்ட இதையே காட்டும். அதிலும் முதிர்ந்த ஓலைதான் மஞ்சளாகும். அதிலும் ஈர்க்கை ஒட்டிப் பச்சை தங்கும். மழை அடித்துக் கரைத்த சரிவு மண்ணிலும், சாம்பல் சத்தை மட்டும் தொடர்ந்து அள்ளிப்போட்ட தோப்பிலும் இது வரும். ஓலையை மட்டும் நெருங்கி எடுத்த படத்தில் இவ்விரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். ஓலைப் படம் போதாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மற்ற மஞ்சள்களுக்கு அவற்றுக்கென்று தனி இடத்தில் சாட்சி இருக்கும். ஓலையின் அடிப்பக்கத்தில் சிலந்திப்பேன் இருந்தால் நிறம் மஞ்சளாகி வெண்கலச் சாயல் பாயும். திருப்பிப் பிடித்து நெருங்கி எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஓலைப்புள்ளி நோயில் மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் இருக்கும். ஓலை மொத்தமாக நிறம் மாறுவது அதற்குப் பிறகுதான். வேர்ப்புழு தாக்கிய மரம் மேலே பார்க்க மஞ்சள் இலை நோயை அப்படியே நடிக்கும், கொண்டைகூடச் சிறுக்கும். ஆனால் தூரைச் சுற்றி மண்ணைப் பறித்தால் வெள்ளையாய்ச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் கிடைக்கும். தென்னையில் தஞ்சாவூர் வாடல் என்று நாம் அறிந்த கானோடெர்மாப் பூசணம் பாக்கையும் தாக்கும். அதற்கான சாட்சி அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசிந்த திட்டுகள், முற்றினால் தூரில் முளைக்கும் காளான். ஆகவே கொண்டைப் படத்தோடு தரையிலிருந்து இடுப்பளவு வரை அடித்தண்டையும் ஒரு படம் எடுப்பது நல்லது. ஐந்து நொடி வேலை, ஒரு பெரிய சந்தேகம் தீரும்.

இப்போது காய். என் கணிப்பில், நோயைப் பிரித்தறிய மற்ற எல்லாப் படங்களையும்விட அதிகம் உதவுவது பிளந்த காயின் படம். அனுப்பப்படும் படங்களில் அது அரிதாகவே இருக்கிறது.

மஞ்சள் இலை நோய் கண்ட மரத்தில் காய்கள் பிஞ்சாகவும் முற்றிய நிலையிலும் உதிரும். உதிர்ந்த காயின் வெளித்தோலில் பெரும்பாலும் சொல்லும்படியான புள்ளியோ அழுகலோ இருக்காது. பிளந்தால் பருப்பு நிறம் கெட்டுக் கறுப்பேறி, கெட்டியாக இல்லாமல் பஞ்சு போல மெத்தென்று இருக்கும். அந்தப் பாக்கு வாயிலிட ஆகாது, வியாபாரியும் எடுக்கமாட்டார். மழைக்காலத்துக் காயழுகல் நோயான கொளே நோய் இதற்கு நேர் எதிர். அதில் காயின் தொப்பிக்கு அருகே தோலில் நீர் கோத்தது போன்ற கரும்பச்சைத் திட்டு முதலில் தெரியும், பிறகு வெண்பூசணம் போர்த்தும், குலை குலையாகக் கொட்டும். அந்த மரத்தின் கொண்டை பச்சையாகவே இருக்கலாம். காய்வெடிப்பு இன்னொன்று: வறட்சிக்குப் பின் திடீரென்று நிறைய நீர் கிடைத்தாலோ சாம்பல் சத்துக் குறைந்தாலோ பாதி முற்றிய காய் மஞ்சளித்து நுனியிலிருந்து வெடிக்கும். வெளியே புண், உள்ளே சுத்தம் என்றால் ஒரு திசை. வெளியே சுத்தம், உள்ளே கேடு என்றால் வேறு திசை. மக்னீசியக் குறைவுள்ள மரத்தில் காய் சற்றுச் சிறுத்துப்போகலாம், எண்ணிக்கை குறையலாம். ஆனால் பருப்பு கறுத்து மெத்தென்று ஆகாது. ஓலை பிரித்துக் காட்டாததைக் காய் இப்படித்தான் பிரித்துக் காட்டுகிறது.

காய்ப் படத்தில் ஏமாறவும் இடம் இருக்கிறது. முற்றிய நல்ல பாக்கைப் பிளந்தாலே வெள்ளைப் பருப்புக்குள் செம்பழுப்பு வரிகள் ஓடும். அது பாக்கின் பிறவி அமைப்பு. பதறியவர் கண்ணுக்கு அதுவே நோய்த் தடமாகத் தெரியும். பார்க்க வேண்டியது வரிகளை அன்று, வரிகளுக்கு இடையே உள்ள வெள்ளையை. அது வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் காய் நலம். இரண்டாவது, பாக்கில் துவர்ப்புச் சத்து மிகுதி. அது இரும்பைத் தொட்டால் கறுக்கும், காற்றுப் பட்டாலும் சிறிது நேரத்தில் பழுப்பேறும். துருப்பிடித்த பாக்குவெட்டியால் பிளந்து, வீட்டுக்கு எடுத்துவந்து சாயங்காலம் படம் எடுத்தால் நல்ல காயும் கெட்ட காய் போலவே இருக்கும். கறை படாத எஃகுக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, உடனே, அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். பிளந்த பாதியை விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியா மெத்தா என்று ஒரு சொல் சேர்த்து அனுப்பினால் மிக நல்லது. படம் காட்ட முடியாத சாட்சி அது.

ஒரு காய் போதாது. மஞ்சள் மரம் மூன்று, பச்சை மரம் ஒன்று, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே பருவத்துக் காய் ஐந்து. மரவாரியாக வரிசையாய் அடுக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுக்கலாம். தாள் எதற்கென்றால், கைபேசி தன் போக்கில் நிறத்தைத் திருத்திவிடும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படத்தின் மஞ்சளை நம்ப வேண்டாம் என்பது பார்ப்பவருக்குப் புரியும். கொண்டைக்கும் இதே கவனம் வேண்டும். மரத்தடியில் நின்று வானத்துக்கு எதிராக எடுத்தால் வெளிச்சம் ஓலையை ஊடுருவி வந்து பச்சையையும் மஞ்சளாக்கும், அல்லது எல்லாவற்றையும் கறுப்பு நிழலாக்கும். காலை வெயில் நம் முதுகில் படும்படி, மரத்திலிருந்து அதன் உயரத்தளவு தள்ளி நின்று, பக்கவாட்டில் எடுத்தால் ஓலைகளை அடியிலிருந்து எண்ண முடியும். மாலை வெயிலில் எல்லா மரத்துக்கும் மஞ்சள் நோய்தான்.

ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்பு ஒன்றை மனதில் வைத்து இதைச் செய்து பார்ப்போம். ஒரு ஏக்கர், 9 அடிக்கு 9 அடி நடவு, அதனால் சுமார் 530 மரங்கள், வயது பதினைந்து. கார்த்திகையில் நாற்பது மரங்கள் மஞ்சளாகத் தெரிகின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "இது சுள்ளியாவில் வந்த நோய், எல்லாத்தையும் வெட்டிடுங்க" என்கிறார். வெட்டுவதற்கு முன் படங்களைப் பார்ப்போம்.

கொண்டைப் படத்தில் ஒன்பது ஓலைகள். அடியில் மூன்று மஞ்சள், நான்காவதின் நுனி வெளிறல். அதற்கு மேல் எல்லாம் முழு நீளம், குருத்து நேர், மேல்தண்டு பக்கத்து மரத்தின் பருமனே. ஆக, தளர்ச்சி நெடுநாள் பட்டதன்று. ஓலையை நெருங்கிப் பார்த்தால் மஞ்சள் கீற்று முழுவதும் மங்கலாகப் பரவியிருக்கிறது, பச்சைக்கும் அதற்கும் கூர்மையான எல்லை இல்லை. அடிப்பக்கம் சிலந்திப்பேன் இல்லை. இது நோயை விலக்கிவிடாது, சந்தேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. காய்களைப் பிளந்ததில், மஞ்சள் மரத்துக் காய்கள் பச்சை மரத்துக் காய்களைவிடச் சற்றுச் சிறியவை. பதினைந்திலும் பருப்பு கெட்டி, வரிகளுக்கு இடையே வெள்ளை. அடித்தண்டில் சாறு கசிவு இல்லை.

இப்போது கைபேசியை வைத்துவிட்டு ஒரு தாளை எடுக்க வேண்டும். மஞ்சள் மரம் ஒவ்வொன்றையும் வரிசைப்படி புள்ளி வைத்தால், நாற்பதும் தோப்பின் தாழ்ந்த ஓரத்தில், வாய்க்காலை ஒட்டி ஒரே பட்டையாக விழுகின்றன. பூச்சி கொண்டுவரும் நோய் இப்படி நிலத்தின் சரிவை மதித்து வருவதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். அந்தப் பட்டையில் இரண்டு அடி ஆழத்துக்குக் குழி பறித்தால் நீர் ஊறுகிறது, வேர்கள் கறுத்து நாற்றமடிக்கின்றன. மேட்டுப் பக்கத்துக் குழியில் வேர் நுனி வெள்ளையாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறியிருக்கிறது. மஞ்சள் இலை நோய் பளிச்சிடும் மாதங்களும் நம் பக்கத்தில் வயலில் நீர் நிற்கும் மாதங்களும் ஒன்றாகவே வருவதால் இந்தக் குழப்பம் இங்கே அடிக்கடி நேரும். வேர் கறுப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் தவறியிருப்போம், ஏனென்றால் இரண்டிலும் வேர் கறுக்கும். காயும் கொண்டையும் வரைபடமும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொன்னது.

இந்தத் தோப்புக்கு மருந்து, வடிகால். வரிசைகளுக்கு நடுவே, நடவுக்குழியின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக வாய்க்கால் எடுத்து நீரை வெளியேற்ற வேண்டும். நீர் நிற்கும் வேரில் யூரியா போட்டுப் பயனில்லை, வேரால் எடுக்க முடியாது. மண் வடிந்த பிறகு வழக்கமான உரம் போதும்: மரத்துக்கு ஆண்டுக்கு 100 கிராம் தழைச்சத்து, 40 கிராம் மணிச்சத்து, 140 கிராம் சாம்பல் சத்து, கூடவே 12 கிலோ அளவில் பசுந்தழையும் தொழுவுரமும். மஞ்சளான ஓலை திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வைத்தியம் தோற்றதாகத் தோன்றும். பார்க்க வேண்டியது இனி வரும் ஓலைகளை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஓலை என்பதால், வைகாசிக்குள் மூன்று புதிய ஓலைகள் வந்திருக்கும். அவை நல்ல நீளத்தில், பச்சையாக இருந்தால் கணிப்பு சரி.

இதே தோப்பில் படங்கள் வேறு மாதிரி வந்திருந்தால்? மஞ்சள் மரங்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறி, மேல் ஓலைகள் குட்டையாகி, ஈர்க்கை ஒட்டிப் பச்சைப் பட்டையும் கூர்மையான எல்லையும் தெரிந்து, பிளந்த பதினைந்து காய்களில் பெரும்பாலானவை கறுத்து மெத்தென்று இருந்தால் சந்தேகம் வலுவானது. அப்போதும் படத்தால் சந்தேகத்தைத்தான் சொல்ல முடியும். உறுதி செய்ய, ஓலைத் திசுவில் பைட்டோபிளாஸ்மாவின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் விட்டலில் உள்ள அதன் மண்டல நிலையமும் இந்த நோயில் நெடுங்காலம் உழைத்தவை. சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த நுண்ணுயிர் மரத்துக்குள் குறைந்த அளவில், சீரில்லாமல் பரவியிருக்கும். ஒரு மரத்தில் ஒரு தடவை 'இல்லை' என்று வந்தால் தோப்பே சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடையாளம் தெளிவாக உள்ள பல மரங்களிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

உறுதியானால், குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இதை மறைத்து டானிக் விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை வடிகாலிலும் தொழுவுரத்திலும் கோடைத் தண்ணீரிலும் போட்டால், மரம் நோயோடு இன்னும் சில ஆண்டுகள் காய்க்கும். முற்றிலும் ஓய்ந்த மரங்களை அகற்றி ஊடுபயிருக்கு இடம் கொடுக்கலாம். நோய் சூறையாடிய தோட்டங்களின் நடுவே பச்சையாகவே நின்று காய்க்கும் மரங்கள் சில உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தேடிக் குறித்து, அவற்றின் பாளைத் திசுவிலிருந்து கன்றுகளைப் பெருக்கும் வேலையில் இருக்கிறார்கள். எனவே பாதித்த தோப்பில் நலமாக நிற்கும் மரத்தையும் படம் எடுத்து, எண் போட்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்து வைக்க வேண்டும். அது உண்மையிலேயே தாங்கி நிற்கிறதா, நோய் இன்னும் வரவில்லையா என்பதை ஒரே ஆண்டின் படத்தால் சொல்ல முடியாது.

புதிதாக நடுபவர்களுக்கு இவற்றில் முக்கியமான படம் கன்றின் படமன்று, தாய்மரத்தின் படம். நோய் உள்ள வட்டாரத்திலிருந்து கன்று வாங்காதீர்கள். வேறு எங்கே வாங்கினாலும், விதைப்பாக்கு எடுத்த மரத்தின் கொண்டையையும் அதன் பிளந்த காயையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த நாற்றங்காலுக்குப் போங்கள்.